எதிரி இல்லாத படத்தில் ஒரு காவல்காரன்

டாரோ பார்ப்பவர்களிடம் காதல், கல்யாணக் கேள்விகளோடு வருகிறவர்களில் பலருக்கு ஒரே மாதிரி மனக்குறை இருக்கும். “அவருக்கு என் மேல் பிரியம் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நெருங்கினால் போதும், ஒதுங்கிக்கொள்கிறார். ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவர்.” இந்தக் கேள்விக்குச் சீட்டுகளை விரிக்கும்போது, துணையைக் குறிக்கும் இடத்தில் ‘நைன் ஆஃப் வாண்ட்ஸ்’ வந்து விழுந்தால் பார்ப்பவரும் கேட்பவரும் ஒரே நேரத்தில் தலையாட்டுவார்கள். அந்த அளவுக்குப் படம் பொருந்திப்போகும். ஆனால் இப்படிச் சட்டென்று பொருந்துகிற சீட்டைத்தான் அவசரத்தில் தப்பாகவும் படிக்கிறோம்.

டாரோ கட்டில் மொத்தம் 78 சீட்டுகள். அவற்றில் 22 மேஜர் அர்கானா. மீதி 56 சீட்டுகள் கோல், கோப்பை, வாள், நாணயம் என்று நான்கு வகை. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியின் வடபகுதியில் இது வெறும் சீட்டாட்டம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸில்தான் குறி பார்க்கிற வழக்கம் இதில் பரவலாக ஒட்டிக்கொண்டது. இன்று சென்னையில் ஒருவர் மேசையில் விரிக்கும் கட்டு பெரும்பாலும் 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டதன் மறுபதிப்பாகவோ அதைப் பார்த்து வரைந்ததாகவோ இருக்கும். ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் திட்டமிட்டார்; பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தார். நாடகக் கொட்டகைகளோடு பழகியவர் ஸ்மித். ஒரு மனிதன் நிற்கிற தோரணையிலேயே கதையைச் சொல்லிவிடுவது அவருக்குக் கைவந்த கலை. இவ்வளவு பெரிய வேலைக்கு மிகக் குறைந்த காசுதான் கிடைத்தது என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். 1951இல் அவர் இறந்தபோது கையில் பெரிதாக எதுவும் இல்லை. உலகம் முழுக்க விற்கிற சீட்டுக்கட்டின் கதை இது.

இனி அந்தச் சீட்டுக்கு வருவோம். தலையில் கட்டுப் போட்ட ஒருவன் நிற்கிறான். இரண்டு கையாலும் ஒரு கோலைப் பிடித்து அதன் மேல் சாய்ந்திருக்கிறான். தோள் கொஞ்சம் தூக்கியிருக்கிறது. பார்வை நேராக இல்லை, பக்கவாட்டில் போகிறது. யாரோ வருவதை எதிர்பார்க்கிற பார்வை. அவனுக்குப் பின்னால் எட்டுக் கோல்கள் வேலி போல வரிசையாக நட்டிருக்கின்றன. கையில் இருப்பது ஒன்பதாவது. கோல்களில் பச்சை இலை துளிர்த்திருக்கிறது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, காயத்துக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது. ரத்தம் வழியவில்லை. அதாவது அடி விழுந்து நாளாகிறது. இரண்டாவது, வேலி இருப்பது அவன் முதுகுக்குப் பின்னால். அவன் உள்ளே ஒளிந்துகொள்ளவில்லை, வேலிக்கு முன்னால் வந்து நிற்கிறான். மூன்றாவதுதான் முக்கியம். படத்தில் எதிரி கிடையாது. இதே வகையின் ஏழாம் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் மேட்டில் ஒருவன் நின்று சண்டை போடுகிறான், கீழிருந்து ஆறு கோல்கள் அவனை நோக்கி நீள்கின்றன. அங்கே தாக்குதல் கண்முன்னே நடக்கிறது. ஒன்பதில் அவன் பார்க்கிற திசையில் யாரையும் ஸ்மித் வரையவில்லை. அந்த வெற்றிடத்தில் இப்போது யார் வந்து நிற்கிறார் என்பதுதான் உறவு பற்றிய விரிப்பில் இந்தச் சீட்டு கேட்கிற கேள்வி. பெரும்பாலும் அங்கே நிற்பவர், கேள்வி கேட்க வந்தவரே.

எதிர்ப்பு வந்தாலும் தாங்கி நிற்கிற பலம் என்றுதான் வெயிட் இதற்கு முதன்மையான பொருள் சொன்னார். கூடவே தாமதம், நிறுத்திவைப்பு, தள்ளிப்போடுதல் ஆகியவற்றையும் சேர்த்தார். பலத்தைப் பேசுகிற பலரும் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். காதல் கேள்விக்கு அந்தப் பின்பாதிதான் நேரடியாக உதவுகிறது. வெயிட்டும் ஸ்மித்தும் இருந்த கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கத்தில் இந்தச் சீட்டைத் தனுசு ராசியின் நடுப் பத்துப் பாகைக்கும் சந்திரனுக்கும் உரியதாக வைத்திருந்தார்கள். நம் சோதிடத்தில் திரேக்காணம் என்று ராசியை மூன்றாகப் பிரிப்பதைப் போன்ற கணக்குத்தான். ஆனால் அவர்களுடைய தனுசு நவம்பர் இறுதி வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். நமக்கு மார்கழி பிறந்தால்தான் தனுசு. இரண்டையும் கலந்து ‘உங்கள் துணை தனுசு ராசியா?’ என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.

ஒரு விரிப்பை முழுதாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதமாக ஒருவரோடு பழகுகிறார். அவருக்கு முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்தது. பேச்சு, சிரிப்பு, சினிமா எல்லாம் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார் என்றால் மட்டும் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்கிறார். மூன்று முறை அப்படித் தள்ளிப்போய்விட்டது. “அவர் மனம் திறப்பாரா, மாட்டாரா?” என்பது கேள்வி.

நல்ல அனுபவம் உள்ளவர் இந்தக் கேள்வியை அப்படியே வைத்துச் சீட்டு எடுக்க மாட்டார். எதிரே இல்லாத ஒருவருடைய மனத்துக்குள் புகுந்து பார்க்கச் சீட்டால் முடியாது, பார்ப்பதும் முறையில்லை. கேள்வியை இந்தப் பக்கம் திருப்புவார்: “எங்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது, நான் என்ன செய்யலாம்?” பிறகு ஐந்து சீட்டு. முதலாவது கேட்பவர், இரண்டாவது துணை, மூன்றாவது பின்னணி, நான்காவது இடையில் நிற்கும் தடை, ஐந்தாவது செய்யக்கூடியது.

விழுந்த சீட்டுகள் இவை என்று கொள்வோம். முதலிடத்தில் கோல் வகையின் குதிரைவீரன். இரண்டில் கோல் ஒன்பது. மூன்றில் கோப்பை ஐந்து. நான்கில் கோல் எட்டு. ஐந்தில் நாணயம் ஏழு. எல்லாமே நேராக விழுந்திருக்கின்றன.

பார்ப்பவர் நடுத்தர வயது அம்மாள். முதலில் மூன்றாம் சீட்டில் விரல் வைக்கிறார். கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். காலடியில் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன, அவற்றை அவர் பார்க்கவில்லை. இதுதான் பின்னணி. விவாகரத்து என்பது கேட்பவருக்கு முன்னமே தெரிந்த செய்தி. சீட்டு சேர்த்துச் சொல்வது, அந்த மனிதர் இன்னும் கவிழ்ந்ததையே எண்ணிக்கொண்டிருக்கலாம் என்பது. அடுத்துப் பக்கத்திலுள்ள கோல் ஒன்பதைப் பார்த்தால் தலைக்கட்டு எங்கிருந்து வந்தது என்று புரிகிறது.

இதோடு நிறுத்திவிட்டால், ‘பாவம், அடிபட்டவர், பொறுமையாக இரும்மா’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த விரிப்பில் ஐந்து சீட்டில் மூன்று கோல் வகை. அதைத் தாண்டிப் போகக் கூடாது.

கேட்பவருடைய இடத்தில் இருக்கும் குதிரைவீரன் முன்கால் தூக்கிய குதிரையில், கையில் ஒரு கோலோடு வருகிறான். ஆர்வம், வேகம், துணிச்சல். தப்பான குணம் ஒன்றும் இல்லை. ஆனால் காவல் நிற்கிறவனின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கையில் கோலோடு ஒருவர் பாய்ந்து வருகிறார். பரிசு கொண்டுவருகிறாரா, அடிக்க வருகிறாரா என்று தூரத்திலிருந்து அவனால் பிரித்தறிய முடியாது. தடையின் இடத்தில் இருக்கும் கோல் எட்டில் மனிதர்களே இல்லை. எட்டுக் கோல்கள் ஒன்றாகக் காற்றில் பறந்து வருகின்றன. மற்ற விரிப்புகளில் இது நல்ல செய்தி, பயணம், வேலை மளமளவென்று நகர்வது. தடையின் இடத்தில் விழும்போது அந்த வேகமே சிக்கல்.

“ஏம்மா, அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மெசேஜ் போடுவே?” என்று அம்மாள் கேட்கிறார்.

“காலையில ஒண்ணு, மத்தியானம் சாப்பிட்டாரான்னு ஒண்ணு... ராத்திரி பேசுவோம் மேடம். பதில் வரலேன்னா மறுபடி போடுவேன். நீலக் குறி விழுந்தும் பதில் வரலேன்னா கோவம் வந்துடும்.”

“கோவம் வந்தா?”

“என்னைப் பிடிக்கலேன்னா சொல்லிடுங்கன்னு போடுவேன்.”

“அப்போ அவர் என்ன செய்வார்?”

“ரெண்டு நாள் பேசமாட்டார். அப்புறம் அவரே கூப்பிடுவார்.”

இந்த ரெண்டு நாள்தான் கோல் ஒன்பதின் முழு நடத்தை. ‘பிடிக்கலேன்னா சொல்லிடுங்க’ என்பது கேட்பவர் தரப்பில் ஏக்கம். அடுத்த தரப்பில் அது எச்சரிக்கை மணி: இவரும் போய்விடுவார், தயாராக இரு. உடனே கோலை இறுகப் பிடித்துக்கொள்கிறார். நல்ல மனதோடு அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் வேலியில் இன்னொரு கோலாகப் போய் நின்றுகொள்கிறது. இந்த வகையின் பத்தாம் சீட்டில் ஒருவன் பத்துக் கோலையும் கட்டிச் சுமந்து முதுகு வளைந்து நடக்கிறான். அந்தப் பத்தாவது கோல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், பல உறவுகளில் அதை நீட்டுவது அன்பு வைத்தவர்தான்.

‘அப்புறம் அவரே கூப்பிடுவார்’ என்பதையும் கவனிக்க வேண்டும். அடிபட்ட பயத்தில் ஒதுங்குகிறவரையும் வெறுமனே ஆர்வமில்லாதவரையும் பிரித்துக் காட்டுகிற இடம் இது. உளவியலில் இதற்கு நிகரான பகுப்பு இருக்கிறது. 1991இல் கிம் பார்த்தலோமியூ, லியோனார்ட் ஹோரோவிட்ஸ் ஆகிய இருவர் நெருக்கத்தைத் தவிர்க்கும் பெரியவர்களை இரண்டு விதமாகப் பிரித்தார்கள். ஒரு விதத்தினருக்கு நெருக்கமே பெரிதாகத் தேவைப்படுவதில்லை. இன்னொரு விதத்தினருக்கு நெருக்கம் வேண்டும், ஆனால் காயப்படுவோமோ என்ற பயமும் இருக்கும். இரண்டாம் விதத்தினர் வருவார்கள், ஒதுங்குவார்கள், மறுபடி வருவார்கள். நன்றாகப் பேசிச் சிரித்த மறுநாள்தான் அதிகம் ஒதுங்குவார்கள். முதல் விதத்தினர் எப்போதும் ஒரே சூட்டில் இருப்பார்கள், கூப்பிட்டால் வருவார்கள், கூப்பிடாவிட்டால் நினைவே இருக்காது.

சீட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. துணையின் இடத்தில் கோப்பை நான்கு விழுந்திருந்தால், அதில் ஒருவன் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். மேகத்திலிருந்து ஒரு கை கோப்பை நீட்டுகிறது, அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது பயமில்லை, அலுப்பு. கோப்பை எட்டில் ஒருவன் அடுக்கிய கோப்பைகளை விட்டு முதுகு காட்டி மலைப்பக்கம் நடக்கிறான். அது கிளம்பிவிட்டவரின் சீட்டு. கோல் ஒன்பதுக்காரர் உட்காரவும் இல்லை, கிளம்பவும் இல்லை. காக்க ஏதோ இருப்பதால்தான் நிற்கிறார். என் பார்வையில் இந்தச் சீட்டிலிருந்து நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளக்கூடியது அவ்வளவுதான். அதற்கு மேல் ‘இன்னும் ஒரு படிதான், வெற்றி நிச்சயம்’ என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். வேலைத் தேடல் பற்றிய கேள்வியில், கேட்பவருடைய இடத்தில் இந்தச் சீட்டு விழுந்தால் அப்படிச் சொல்லலாம். இங்கே நிற்கிறவர் வேறொருவர். அவருடைய விடாப்பிடி உங்களுக்கு எதிராகவும் இருக்கலாம்.

ஐந்தாம் சீட்டுக்கு வருவோம். நாணயம் ஏழில் ஓர் இளைஞன் தோட்டத்தில் நிற்கிறான். மண்வெட்டிக் காம்பின் மேல் சாய்ந்து, செடியில் காய்த்த ஏழு நாணயங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மாள் இதையும் கோல் ஒன்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இரண்டு பேரும் கம்பில் சாய்ந்துதான் நிற்கிறார்கள். ஒருவன் யார் வருவாரோ என்று பார்க்கிறான், இன்னொருவன் எது வளர்கிறது என்று பார்க்கிறான். ஒரே தோரணை, வேறு வேலை. கேட்பவர் குதிரையிலிருந்து இறங்கி இந்தத் தோட்டக்காரனின் இடத்துக்கு வரச் சொல்கிறது விரிப்பு.

நடைமுறையில் அது என்ன? அம்மாள் சொன்னது மூன்று. பதில் வராதபோது இரண்டாவது செய்தி போடாதே. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடு, வருகிறேன் என்ற நாளில் போ. சின்னச் சின்ன வாக்கு தவறாமல் நடந்தால்தான் பயந்தவருக்கு அடுத்த அடி எப்போது விழும் என்று எண்ணுகிற பழக்கம் குறையும். அம்மாவைப் பார்க்க வரும் பேச்சை நீயாக எடுக்காதே, அதற்குப் பதிலாக ஒருமுறை, இரண்டு பேரும் நிதானமாக இருக்கும்போது, “நான் எப்படிப் பேசினால் உங்களுக்குப் பழையது ஞாபகம் வருகிறது?” என்று கேள். பதிலை மறுக்காமல் கேட்டுக்கொள்.

ஆனால் நாணயம் ஏழை வெறும் பொறுமை என்று படிக்கக் கூடாது. அந்தத் தோட்டக்காரன் கணக்கும் பார்க்கிறான். இவ்வளவு உழைத்ததற்கு விளைச்சல் உண்டா, இந்தச் செடியையே தொடர்வதா என்று எடைபோடுகிற சீட்டு அது. அதனால் தேதியும் குறித்தாக வேண்டும். பொங்கல் வரை என்று வைத்துக்கொள்ளட்டும். அதற்குள் அவர் தானாக ஒரு விஷயத்தையாவது சொன்னாரா, ஒதுங்குகிற நாட்கள் குறைந்தனவா, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று ஒருமுறையாவது வாய்விட்டுச் சொன்னாரா? ஒன்றுமே இல்லை என்றால் செடி வளரவில்லை. அடுத்தவர் காயத்துக்கு ஆயுள் முழுக்க வேலிக்கு வெளியே நின்று காவல் இருப்பது யாருடைய கடமையும் இல்லை.

இந்தச் சீட்டு தலைகீழாக விழுந்திருந்தால்? வெயிட் தடை, துன்பம் என்றுதான் எழுதினார். இன்று பார்ப்பவர்களில் பலர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, கோலைக் கீழே வைக்கிறார். மற்றொன்று, தாங்கமுடியாமல் சரிகிறார். எது என்று அக்கம்பக்கச் சீட்டுகளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கோப்பை இரண்டு, நட்சத்திரம் போன்றவை அருகில் இருந்தால் முதலாவது. கோல் பத்து, வாள் ஒன்பது போன்றவை இருந்தால் இரண்டாவது. தனிச் சீட்டை வைத்து அடித்துச் சொல்கிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான். இன்னொரு சந்தேகத்தையும் கேட்டுப் பார்க்கலாம்: முதலிடத்தில், அதாவது கேட்பவர் இடத்தில், கோல் ஒன்பது விழுந்திருந்தால்? அப்போது தலைக்கட்டு அவருடையது. துணை ஒதுங்குகிறார் என்று புகார் சொல்ல வந்தவரே காவல் நிற்கிறார். இதை எடுத்துச் சொல்லத் துணிகிறவர்கள் குறைவு. காசு கொடுத்தவரிடம் சொல்ல எளிதான செய்தி இல்லை அது.

கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 78 சீட்டைக் குலுக்கி ஐந்து எடுத்தால் அதில் கோல் ஒன்பது இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பதினாறில் ஒன்று. அது துணையின் இடத்திலேயே விழும் வாய்ப்பு 78இல் ஒன்று. குலுக்கலில் வருவதுதான் வரும். அவருடைய மனம் சீட்டுக்குத் தெரியாது. மேலே பார்த்த விரிப்பில் பயன்பட்டது எது என்று திரும்பிப் பார்த்தால், ‘ஒரு நாளைக்கு எத்தனை மெசேஜ்’ என்ற கேள்வி. பறந்து வரும் எட்டுக் கோல் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு சாக்கு. அந்தச் சாக்குக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். நேரடியாகத் தோழி கேட்டிருந்தால் அந்தப் பெண் சண்டைக்குப் போயிருப்பார்.

பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றையும் இந்தச் சீட்டின் கணக்கில் எழுதக் கூடாது. ஒதுங்குவது, தள்ளிப்போடுவது, மௌனமாவது ஆகியவை கோல் ஒன்பது. உங்கள் போனைப் பிடுங்கிப் பார்ப்பது, யாரோடு பேசலாம் என்று கட்டளை போடுவது, கை ஓங்குவது ஆகியவை அதில் சேராது. ‘அவர் அடிபட்டவர், அதனால்தான்’ என்று ஒரு சீட்டுப் பார்ப்பவர் உங்களைச் சமாதானப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நிலையில் இருக்கும் பெண்கள் அழைக்க வேண்டிய அரசு உதவி எண் 181. கட்டணம் கிடையாது, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.